டி.எல்.க்யூ காலியாக இருந்தால் நம்பிவிடாதீர்கள்

போன திங்கட்கிழமை, டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, சனிக்கிழமை ராத்திரி டி.எல்.க்யூவில 41 மெசேஜ் இருந்துச்சு. இப்ப ஒண்ணுமில்ல, தானா சரியாயிடுச்சு போல."

எனக்குத் திக்கென்றது. டி.எல்.க்யூ என்கிற டெட் லெட்டர் க்யூ, திரும்பத் திரும்ப முயன்றும் தோற்ற மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் இடம். அதில் விழுந்த எதுவும் தானாகச் சரியாவதில்லை. சில வருடங்களுக்கு முன் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அலாரம் வையுங்கள், லாக் எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அமேசானின் மெசேஜ் க்யூ சேவையான எஸ்.க்யூ.எஸ். பயன்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## டி.எல்.க்யூவுக்கும் அதே நாலு நாள் ஆயுளை விட்டுவைப்பது

எஸ்.க்யூ.எஸ்.ஸில் க்யூவை உருவாக்கி எதையும் மாற்றாமல் விட்டால், ஒரு மெசேஜின் ஆயுள் 4 நாள். டி.எல்.க்யூவும் ஒரு சாதாரண க்யூதான் என்பதால் அதற்கும் 4 நாளே. "அங்கே போய் விழுந்த பிறகு இன்னும் நாலு நாள் இருக்கிறதே" என்றுதான் நானும் நினைத்தேன். அது தப்புக் கணக்கு. ஸ்டாண்டர்ட் க்யூவில், மெசேஜ் முதல் க்யூவுக்குள் நுழைந்த நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. டி.எல்.க்யூவுக்கு மாறும்போது அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. ஃபைஃபோ க்யூவில் மட்டும்தான் புதிதாகத் தொடங்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்வாய்ஸ்களை வெளியே உள்ள ஒரு சர்வருக்கு அனுப்பும் வேலை. அந்த சர்வர் அடிக்கடி படுத்துவிடும் என்பதால், தோற்ற மெசேஜ் 12 மணி நேரம் கழித்துத் திரும்ப வரட்டும் என்று விசிபிலிட்டி டைம்அவுட்டை அதன் உச்சத்தில் வைத்திருந்தேன். எத்தனை முறை எடுத்தும் முடியாவிட்டால் டி.எல்.க்யூவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் `maxReceiveCount` 5.

வியாழன் காலை 10 மணிக்கு உள்ளே வந்த மெசேஜ் அப்போதே ஒருமுறை தோற்றது. அன்று இரவு, வெள்ளி காலை, வெள்ளி இரவு, சனி காலை என்று ஐந்து முறையும் முடிந்து, சனி இரவு 10 மணிக்கு டி.எல்.க்யூவுக்குப் போனது. அதற்குள் இரண்டரை நாள் கரைந்துவிட்டது. மீதமிருந்தது ஒன்றரை நாள். திங்கள் காலை 10 மணியளவில் அழிந்தது. நான் பத்தரைக்கு வந்து பார்த்தபோது க்யூ காலி. அழிந்ததற்கு எர்ரரும் இல்லை, லாக்கும் இல்லை.

`ApproximateAgeOfOldestMessage` காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். டி.எல்.க்யூவில் அது, மெசேஜ் அங்கே வந்த நேரத்திலிருந்துதான் வயதைக் காட்டும். சாகப்போகிற மெசேஜுக்கு ஒன்றரை நாள் வயது என்று சொல்லும்.

போனதையெல்லாம் டேட்டாபேஸில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடி எடுக்க இரண்டு நாளானது. காரணம் என்ன தெரியுமா? வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். ஐந்து முறை அல்ல, ஐந்நூறு முறை முயன்றாலும் அது போயிருக்காது.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், டி.எல்.க்யூவின் ஆயுளை எஸ்.க்யூ.எஸ். அனுமதிக்கும் உச்சமான 14 நாளுக்கு ஏற்றுங்கள்:

```
aws sqs set-queue-attributes \
  --queue-url "$DLQ_URL" \
  --attributes MessageRetentionPeriod=1209600
```

முதல் க்யூ 4 நாளிலேயே இருந்தால், எப்படிப் பார்த்தாலும் டி.எல்.க்யூவில் குறைந்தது 10 நாள் கையில் இருக்கும்.

அடுத்து, டேட்டாவே தப்பு என்று எதிர்ப்பக்கம் 400 திருப்பினால் மறுமுயற்சிக்கு விடாதீர்கள். காரணத்தையும் சேர்த்து, மெசேஜை எடுத்து வேலை செய்யும் ஒர்க்கரே அதை டி.எல்.க்யூவுக்கு அனுப்பிவிட்டு, முதல் க்யூவிலிருந்து நீக்கட்டும். அப்படி அனுப்புவது புது மெசேஜ் என்பதால் கடிகாரமும் புதிதாக ஓடும். டைம்அவுட், 503 போன்றவைதான் திரும்ப முயலத் தகுந்தவை.

## தப்பான எண்ணில் அலாரம்

`NumberOfMessagesSent` வேண்டாம். தோற்றுப்போய் எஸ்.க்யூ.எஸ். தானாக நகர்த்தும் மெசேஜ்கள் அதில் சேராது. `ApproximateNumberOfMessagesVisible` பூஜ்யத்தைத் தாண்டினாலே அலாரம் அடிக்கட்டும்.

## கன்சோலில் எட்டிப் பார்ப்பது

ஓடிக்கொண்டிருக்கும் க்யூவில் அதுவும் ஒரு ரிசீவ்தான். `maxReceiveCount` கணக்கில் சேரும்.

## கண்ணை மூடிக்கொண்டு ரீடிரைவ்

ரீடிரைவ் என்பது டி.எல்.க்யூவில் இருப்பவற்றை முதல் க்யூவுக்கே திருப்பி அனுப்புவது. பிழையைத் திருத்தாமல் அதை அமுக்கினால் அதே மெசேஜ்கள் அதே இடத்துக்குத் திரும்பும். திருத்திய பிறகும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள். முதல் முறை டைம்அவுட் ஆன சில இன்வாய்ஸ்கள் உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கலாம். ரீடிரைவ் செய்தால் மெசேஜ் ஐடி மாறிவிடும், அதை வைத்து இரட்டிப்பைப் பிடிக்க முடியாது. மெசேஜுக்குள் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணை வைத்துத்தான் "இது ஏற்கெனவே போனதா" என்று ஒர்க்கர் பார்க்க வேண்டும்.

தம்பியின் 41 மெசேஜையும் அப்படித்தான், இன்வாய்ஸ் எண்ணை வைத்து டேட்டாபேஸிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று மதியம் வரை 29 கிடைத்திருக்கிறது.