ஸ்பேர் மாட்டிய பிறகும் அணையாத மஞ்சள் விளக்கு

பின்சக்கரம் பஞ்சர். டேஷ்போர்டில் லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறியோடு, டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் மஞ்சள் விளக்கு எரிந்தது. காரில் இருந்த ஒல்லியான தற்காலிக ஸ்பேரை எடுத்துக் காற்றை அளந்தேன். இந்த வகைக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும், சாதாரண டயரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதக்கணக்கில் டிக்கியில் கிடந்ததால் குறைந்திருந்தது. கையோடு வைத்திருந்த பம்பால் நிரப்பி மாட்டினேன்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அதே விளக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் சிமிட்டி, பிறகு நிலையாக எரிந்தது. காற்று குறைந்தால் முதலிலிருந்தே நிலையாக எரியும். சிமிட்டினால் அந்த அமைப்புக்கு ஏதோ ஒரு சக்கரத்தின் சென்சாரிலிருந்து தகவல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஸ்பேரில் சென்சார் கிடையாது. சரி, பழுதில்லை. ஆனால் அது எரியும்வரை மற்ற டயர்களில் காற்று குறைந்தாலும் தெரியாமல் போகலாம். அதனால் அவற்றையும் அளந்துவிட்டு, ஸ்பேரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த 80 கிமீ வேகத்துக்குக் கீழேயே ஓட்டினேன். பழைய டயரை ஒட்டி மாட்டி, சிறிது தூரம் ஓட்டியதும் விளக்கு தானாக அணைந்தது.

பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. காற்றே இல்லாவிட்டாலும் அது சப்பையாகத் தெரியாது, விளக்குதான் ஒரே சாட்சி. பொதுவாக 80 கிமீ வேகத்தில் 80 கிமீ தூரம்தான் வரம்பு. சுமை அதிகமானால் அதுவும் குறையும்.