அரக்கில் நிலம்: வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

அரக்கு பள்ளத்தாக்கில் காபித் தோட்டம் பார்த்துவிட்டு வருபவர்கள், “ஒரு ஏக்கர் கிடைத்தால் நன்றாக இருக்குமே” என்று நினைப்பது சகஜம். அங்கே நிலம் வாங்குவதற்குக் குறுக்கே நிற்பது ஊர்க்காரர்கள் ‘ஒன் ஆஃப் செவன்டி’ என்று சொல்லும் சட்டம். 1959-இல் வந்த ஆந்திர நில மாற்றச் சட்டத்தை 1970-இல் முதலாம் ஒழுங்குமுறையால் இறுக்கினார்கள். அதனால்தான் இந்தப் பெயர்.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: “விற்பவர் ஆதிவாசி இல்லையே, அப்புறம் என்ன பிரச்சினை?” சட்டம் பார்ப்பது விற்பவரை அல்ல, வாங்குபவரை. ‘ஏஜென்சி’ எனப்படும், அரக்கு போன்ற பழங்குடியினர் பகுதியில் யார் விற்றாலும், வாங்குபவர் பழங்குடியினராகவோ பழங்குடியினர் மட்டுமே உள்ள கூட்டுறவுச் சங்கமாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பனை செல்லாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பழங்குடி அல்லாத ஒரு கடைக்காரரின் அப்பா 1965-இல் இன்னொரு பழங்குடி அல்லாதவரிடம் இரண்டு ஏக்கர் வாங்கினார். 1970-க்கு முந்தைய கிரயம் என்பதால் அதைப் புதிய தடை தொடாது. நிலம் வாரிசாக மகனுக்கு வந்ததிலும் சிக்கல் இல்லை. மகன் அதைச் சென்னைக்காரர் ஒருவருக்கு விற்கிறார் என்றால், அங்கேதான் எல்லாம் உடைகிறது. பழைய பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வில்லங்கச் சான்றில் ஒன்றுமே வராவிட்டாலும், புதிய கிரயம் செல்லாது.

இன்னொன்று, அந்த 1965 பத்திரமும் கையில் இருந்தாக வேண்டும். பழங்குடி அல்லாதவர் வசம் உள்ள நிலம் பழங்குடியினரிடமிருந்து வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர்தான். யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் அதிகாரியே விசாரணையைத் தொடங்கி நிலத்தை மீட்கலாம்.

“சரி, வாங்க வேண்டாம், குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே கட்டுவோம்” என்பது அடுத்த தவறு. சட்டத்தில் ‘மாற்றம்’ என்றால் குத்தகை, அடமானம், தானம், பரிவர்த்தனை எல்லாம் சேர்த்தி. முத்திரைத்தாளில் எழுதும் விற்பனை ஒப்பந்தமும் அதற்குள் வருகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, “இன்னும் பதிவு செய்யவில்லையே” என்று சொன்னாலும் பயனில்லை. 1997 சமதா தீர்ப்பில், அரசுகூட ஏஜென்சி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர்களுக்குச் சுரங்கக் குத்தகையாகத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தெரிந்த ஆதிவாசி நண்பர் பெயரில் வாங்கிப்போடும் யோசனை எல்லாவற்றையும்விட மோசம். நாளைக்குத் தகராறு வந்தால், பினாமி சட்டப்படி பணம் போட்டவரால் ‘நிலம் என்னுடையது’ என்று வழக்கே போட முடியாது. அந்த நண்பரையும் விசாரணையில் இழுத்துவிடுகிறோம்.

“அவசரத்துக்குப் பழங்குடியினரால் விற்க முடியாமல் போகுமே, நாம் வாங்கினால் உதவிதானே?” என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பழங்குடியினரில் வாங்க ஆள் கிடைக்கவில்லை என்றால், உரிமையாளர் ஏஜென்சி அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஈடு கொடுத்து அரசே அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்.