திருவிழா வானத்தில் பட்டம் சேர்ப்பது எப்படி: அளவு, நூல், அசைவு

திருவிழாப் புகைப்படத்தின் வானத்தில் வெட்டி ஒட்டிய பட்டம் போலி என்று உடனே பிடிபடுவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். வானம் காலியாக இருக்கிறதே என்று எல்லோரும் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். அதனால் கண்ணளவை நம்பாமல் முதலில் கணக்குப் போடுங்கள்.

புல் ஃப்ரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், 6000 பிக்சல் அகலப் படம் என்று கொள்வோம். 60 செ.மீ. அகலப் பட்டம் 40 மீட்டர் தள்ளிப் பறக்கிறது. சென்சாரில் அதன் அகலம் 50 × 0.6 ÷ 40 = 0.75 மி.மீ. சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால், படத்தில் பட்டம் வெறும் 125 பிக்சல்தான். போட்டோஷாப்பில் பட்டத்தின் லேயரை முதலில் `Convert to Smart Object` செய்யுங்கள். பிறகு `Ctrl+T` அழுத்தி அகலத்தை 125 பிக்சல் ஆக்குங்கள்.

அடுத்தது நூல். அதற்குத் தனி லேயர் போடுங்கள். தன் எடையால் தொய்வதால், நூல் கைக்கருகே சற்றுப் படுத்தும் பட்டத்தருகே செங்குத்தாகவும் இருக்கும். `Pen Tool` எடுத்து, பறக்கவிடுபவரின் கையில் கிளிக் செய்து, பட்டம் இருக்கும் திசைக்குச் சற்றுக் கீழாக இழுங்கள். இரண்டாவது கிளிக், பட்டத்தின் சூத்திரக் கயிறுகள் சேரும் முடிச்சில். அங்கே மேல்நோக்கி இழுத்தால் நூல் கீழிருந்து நிமிர்ந்து வந்து சேரும். நூலைக் கீழ் முனையிலோ வாலிலோ கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு; அப்படிக் கட்டிய பட்டம் பறக்கவே பறக்காது. கைக்கும் பட்டத்துக்கும் இடையே 2400 பிக்சல் என்றால், நடுவில் நேர்கோட்டைவிட 100 பிக்சல் அளவு தொய்வு போதும். அதைவிடக் கூடினால் காற்றே இல்லாததுபோல் தெரியும்.

இப்போது 2 பிக்சல் பிரஷ்ஷில் `Stroke Path`. அரை மி.மீ. நூல் 5 மீட்டரில் ஏறக்குறைய 0.8 பிக்சல், 40 மீட்டரில் 0.1 பிக்சல்தான். அதாவது உண்மையான படத்தில் மேல்பாதி நூல் கண்ணுக்கே தெரியாது! எனவே லேயர் மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுத்து, கைக்கருகே 70 சதவீதம் தெரியும் நூலைப் பட்டத்தருகே 10 சதவீதமாகக் கரைத்துவிடுங்கள். கடைசிவரை ஒரே அழுத்தத்தில் ஓடும் கோடு மின்கம்பி மாதிரி நிற்கும்.

கடைசியாக அசைவு மங்கல். படத்தின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். பட்டம் நொடிக்கு 5 மீட்டர் நகர்ந்தால், 1/250 நொடியில் 2 செ.மீ. நகர்ந்திருக்கும், அது 4 பிக்சல். 1/60 என்றால் ஏறக்குறைய 17. `Filter > Blur > Motion Blur` திறந்து `Distance`-இல் அந்த எண்ணைக் கொடுங்கள். `Angle` பட்டம் பாயும் திசையில் இருக்கட்டும். நூலின் திசையில் வைத்தால் பட்டம் நூலோடு வழுக்கி இறங்குவதுபோல் இருக்கும். வால் கூடுதலாகத் துடிக்கும் என்பதால் பட்டத்தின் லேயரை `Ctrl+J` அழுத்தி நகலெடுத்து, லேயர் மாஸ்க்கால் ஒன்றில் வாலையும் மற்றதில் பட்டத்தையும் மறைத்து, வால் தெரியும் லேயருக்கு இரண்டு மடங்கு மங்கல் கொடுக்கலாம்.

100 சதவீத ஜூமில் பாருங்கள். வானத்தில் நுண்புள்ளிகள் இருந்து பட்டம் மட்டும் வழுவழுவென்று தெரிந்தால், பட்டத்துக்கு `Add Noise` 1 முதல் 2 சதவீதம் கொடுங்கள்.