சிறு கடையில் பாலிமர் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறை: லேமினேஷன், பிரேம் வேலையுடன் சேர்த்துத் தொடங்குவோருக்கு

லேமினேஷன், போட்டோ பிரேம், ரப்பர் ஸ்டாம்ப் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் செய்யலாம். முதலிரண்டும் சில நாட்களில் கைவரும். ஸ்டாம்புக்குத்தான் பொறுமை தேவை. ஆகவே அதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

தேவையானவை: பாலிமர் ஸ்டாம்ப் மெஷின் (இரு கண்ணாடித் தட்டுகளும் புற ஊதா விளக்குகளும் கொண்ட பெட்டி), பாலிமர் திரவம், ஒளி ஊடுருவும் அடித்தாள், மெல்லிய பாதுகாப்புத் தாள், ஓரம் கட்டும் பஞ்சு டேப், லேசர் பிரிண்டர்.

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம். 38 மி.மீ. அகலமும் 14 மி.மீ. உயரமும் கொண்ட ஸ்டாம்பில் பெயர், பதவி, ஊர் என மூன்று வரிகள் வேண்டும் என்கிறார் ஒருவர். 14 மி.மீ. என்பது ஏறக்குறைய 40 பாயிண்ட். மேலும் கீழும் 1 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 34 பாயிண்ட். வரிக்கு 11 பாயிண்டுதான் கிடைக்கும். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழிலோ ‘கி’யின் மேல்வளைவு மேலேறும், ‘கு’வின் வால் கீழிறங்கும் என்பதால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். இரண்டு வரியாகக் குறைக்கவோ பெரிய அளவை எடுக்கவோ வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்து தடித்ததாகவே இருக்கட்டும்.

படி 1: நெகட்டிவ். எழுத்து வெள்ளையாகவும் பின்னணி முழுக் கறுப்பாகவும் இருக்குமாறு, எழுத்தைத் திருப்பாமல் நேராகவே, லேசர் பிலிமில் அச்சிடுங்கள். விளக்கின் முன் பிடித்துப் பார்க்கும்போது கறுப்பில் ஒளி கசிந்தால் அதே பிரதியை இரண்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: ஊற்றுதல். நெகட்டிவை டோனர் படிந்த பக்கம் மேலே இருக்குமாறு கீழ்க் கண்ணாடியில் வையுங்கள். மேலிருந்து பார்க்கையில் எழுத்து நேராகப் படிக்க வேண்டும். ஸ்டாம்பின் முகம் நெகட்டிவைப் பார்த்தபடி கீழே உருவாகிறது. ஆதலால் அம்முகத்தில் எழுத்து தானாகவே இடவலம் மாறிவிடும். மேலே பாதுகாப்புத் தாளைச் சுருக்கமின்றிப் பரப்பி, சுற்றிலும் டேப்பால் வரப்பு கட்டி, திரவத்தை மெதுவாக ஊற்றுங்கள். சில நிமிடம் விட்டால் குமிழிகள் மேலே வரும். அவற்றை ஊசியால் உடைத்துவிட்டு, அடித்தாளையும் மேல் கண்ணாடியையும் வைத்துக் கிளிப் போடுங்கள். குமிழி ஒன்று தங்கிவிட்டால் எழுத்தில் குழி விழும்.

படி 3: ஒளி காட்டுதல். முதலில் அடித்தாள் பக்கமாகக் குறைந்த நேரம் காட்டினால் ஸ்டாம்பின் அடித்தளம் இறுகும். பிறகு கண்ணாடிகளைத் திருப்பி, நெகட்டிவ் வழியாக அதிக நேரம் காட்டினால் எழுத்து இறுகும். மெஷினுக்கும் திரவத்துக்கும் ஏற்ப நேரம் மாறும். ஆகவே விற்பவர் சொல்லும் நேரத்தில் தொடங்கி, சிறு துண்டுகளில் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்து, சரிவந்ததை மெஷின்மேல் எழுதி ஒட்டுங்கள்.

படி 4: கழுவுதல். இறுகாத திரவத்தை வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரிலும் மென்மையான பிரஷால் போக்குங்கள், கையுறை கட்டாயம். நேரம் சரியா என்பது இங்கே தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி கழுவும்போதே உதிர்ந்தால், நெகட்டிவ் வழியாகக் காட்டிய நேரம் போதவில்லை. ‘க்’ ‘க’ ஆகிவிடும் இந்தப் பிழை தமிழ் ஸ்டாம்பில் அடிக்கடி நேர்வது. மாறாக ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டிருந்தால், நேரம் மிகுந்துவிட்டது அல்லது நெகட்டிவின் கறுப்பு போதவில்லை.

படி 5: முடிப்பு. கழுவிய பாலிமர் தட்டை நீருக்குள் அமிழ்த்தி மீண்டும் ஒளி காட்டுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பை இறுகவிடாது என்பதால், நீரில் வைக்காவிட்டால் ஸ்டாம்ப் பிசுபிசுக்கும். உலர்ந்ததும் வெட்டிக் கைப்பிடியில் ஒட்டி, வெள்ளைத் தாளில் பதித்துச் சரிபாருங்கள். ஒரு தட்டில் பல ஸ்டாம்புகள் அடங்கும் என்பதால், நான்கைந்து ஆர்டர் சேர்ந்தபின் ஊற்றினால் திரவம் வீணாகாது.

லேமினேஷனில், பையின் ஒட்டிய ஓரத்தை முதலில் உள்ளே விடுங்கள். மூட்டமாக வந்தால் வெப்பம் குறைவு. அலையலையாக வந்தால் மிகுதி. ஏடிஎம் ரசீது போன்ற வெப்பத்தாள் உள்ளே போனால் கறுத்துவிடும். அசல் சான்றிதழைப் பிறகு பிரித்தெடுக்க இயலாது என்பதால், கேட்காமல் லேமினேட் செய்யாதீர்கள்.

பிரேமில், படம் கண்ணாடியில் நேரே படக்கூடாது. ஈரம் புகுந்தால் ஒட்டிக்கொள்ளும். இடையில் மவுண்ட் அட்டை வையுங்கள்.

அலுவலக முத்திரை கேட்போரிடம் அலுவலகக் கடிதமும் அடையாளச் சான்றும் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மோசடிக்கென்று போலி முத்திரை செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 341ஆம் பிரிவின்படி குற்றம். அந்தக் கடிதத்தின் நகலை நெகட்டிவுடன் சேர்த்துத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள்; மறுமுறை அதே ஸ்டாம்ப் கேட்டு வரும்போது இரண்டும் உதவும்.