கேன்சல் பட்டனும் இல்ல, சப்போர்ட்டும் பதில் போடல: இந்த நேரத்துல பண்ணக்கூடாத தப்புங்க

ஏதோ ஒரு ஆப் சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாசாமாசம் காசு போயிட்டே இருக்கு, ஆப்புக்குள்ள எந்தப் பக்கம் தேடினாலும் கேன்சல் பட்டன் கண்ணுல படல, மெயில் போட்டா கெணத்துல போட்ட கல்லு மாதிரி கெடக்கு. இந்த நெலமைல முக்கால்வாசிப் பேரு மொதல்ல பண்றது ஆப்ப அன்இன்ஸ்டால் பண்றதுதான். ஐகான் போயிடுச்சு, சனியன் விட்டுச்சுன்னு நிம்மதியா இருப்போம், அடுத்த மாசம் அதே தேதிக்கு காசு புடிச்ச மெசேஜ் வந்து நிக்கும். ஏன்னா சப்ஸ்கிரிப்ஷன் உங்க ஃபோன்லயே இல்ல, காசு வசூல் பண்றவங்க கணக்குல இருக்கு. அக்கவுண்டையே டெலீட் பண்றது இதவிட மோசம். பில்லிங் வேற எடத்துல நடந்தா அது பாட்டுக்கு ஓடும், உங்ககிட்ட லாகின் பண்ணி காட்டறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது.

பெரிய தப்பு என்னன்னா காச யாரு எடுக்கறாங்கன்னே பாக்காம கம்பெனிகிட்ட மட்டும் மல்லுக்கட்டறது. என் ஃபிரெண்டு ஒருத்தி கதைய சொல்றேன். எக்சர்சைஸ் ஆப் ஒண்ணுல 7 நாள் ஃப்ரீ ட்ரையல் போட்டா, மறந்துட்டா, காசு போக ஆரம்பிச்சுது. ஆப்ப தூக்கினா, நாலு மெயில் அனுப்பினா, அந்த நாலுமே வெல்கம் மெயிலுக்கு ரிப்ளை அடிச்சது, அனுப்புனர் அட்ரஸ்ல noreply-ன்னு இருக்கறத கவனிக்கவே இல்ல. அந்த மெயில்பாக்ஸ யாரும் தொறந்துகூட பாக்க மாட்டாங்க. நாலு மாசம் இப்படியே போச்சு.

"உன் கார்டு ஸ்டேட்மென்ட்ட காட்டுடி"ன்னு கேட்டேன். அதுல அந்த லைன் GOOGLE *-ன்னு ஆரம்பிச்சு அப்புறமாதான் ஆப் பேரு. அப்ப காசு வாங்கறது கூகுள் பிளே. கேன்சல் பண்ற எடமும் அங்கதான், அதனாலதான் அந்தக் கம்பெனி வெப்சைட்டுல பட்டனே இல்ல. பிளே ஸ்டோர்ல ப்ரொஃபைல் படத்த தொட்டு Payments & subscriptions, அதுக்குள்ள Subscriptions போனோம். காலி. ஒண்ணுமே இல்ல. "பாத்தியா, ஏமாத்தறானுங்க"ன்னு அவ கத்த ஆரம்பிச்சுட்டா.

இங்கதான் நெறைய பேரு விட்டுடறாங்க. அந்த லிஸ்ட் ஃபோன்ல இருக்கற எல்லா ஜிமெயிலுக்கும் சேத்து வர்றது இல்ல, அந்த நேரத்துல எந்த அக்கவுண்ட் செலக்ட் ஆகியிருக்கோ அதுக்கு மட்டும்தான் வரும். அவகிட்ட மூணு ஜிமெயில், ஒண்ணு பழைய ஃபோனுக்காக ஆரம்பிச்சது. ஒவ்வொண்ணா இன்பாக்ஸ்ல கூகுள் பிளே ரசீத தேடினோம், GPA-ன்னு ஆரம்பிக்கற ஆர்டர் நம்பர் அதுல இருக்கும். பழைய ஜிமெயில்ல வரிசையா நாலு ரசீது, ஒண்ணுகூட தொறக்காம கெடந்துது. பிளே ஸ்டோர்ல அந்த அக்கவுண்டுக்கு மாத்தினதும் சப்ஸ்கிரிப்ஷன் தெரிஞ்சுது, கேன்சலும் ஆச்சு, எல்லாம் சேத்து பத்து நிமிஷம்.

ஸ்டேட்மென்ட்ல APPLE.COM/BILL-ன்னு இருந்தா ஐஃபோன் செட்டிங்ஸ்ல மேல உங்க பேர தொட்டு Subscriptions-க்கு போங்க, அங்கயும் ஆப்பிள் ஐடி வேறயா இருந்தா இதே கூத்துதான். ட்ரையலா இருந்தா முடியறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணிடணும், கடைசி நாள் ராத்திரி பாத்துக்கலாம்னு வெச்சா காசு போயிடும். PAYPAL *-ன்னு வந்தா பேபால் செட்டிங்ஸ்ல Automatic payments-ன்னு ஒரு பக்கம் இருக்கு, அங்கயே அந்தக் கம்பெனிக்கு குடுத்த பர்மிஷன நிறுத்தலாம்.

இது எதுவும் இல்லாம நேரா கம்பெனி பேருலயே காசு போச்சுன்னா கதை வேற. மொதல்ல ஆப்ப விட்டுட்டு பிரவுசர்ல வெப்சைட்டுக்குள்ள லாகின் பண்ணி பாருங்க, சில கம்பெனி ஆப்புல வைக்காத பட்டன அங்க பில்லிங் பக்கத்துல ஓரமா வெச்சிருப்பாங்க. அங்கயும் இல்லன்னா ரொம்ப டேஞ்சரான தப்பு ஒண்ணு காத்திருக்கு: அந்தக் கம்பெனி பேரோட கஸ்டமர் கேர் நம்பர்னு தேடி, வர்ற மொத நம்பருக்கு கூப்பிடறது. மோசடிக்காரங்க போட்டு வெச்சிருக்கற நம்பர் இப்படி நெறைய சுத்துது. ரீஃபண்ட் தர்றோம்னு ஸ்கிரீன ஷேர் பண்ற ஆப்ப போட சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ அந்த செகண்டே கட் பண்ணுங்க. அட்ரஸ் வேணும்னா கம்பெனியோட பிரைவசி பாலிசி பக்கத்துக்கு அடியில பாருங்க, சப்போர்ட் மெயில்ல இல்லாத ஆளு சில நேரம் அந்த மெயில்ல இருப்பாங்க.

மெயில் எழுதும்போது திட்டி நாலு பக்கம் எழுதாதீங்க, தினமும் புதுசா ஒண்ணு அனுப்பவும் வேணாம், ஒரே த்ரெட்ல இருக்கட்டும். "இந்த மெயில் ஐடில இருக்கற என் சப்ஸ்கிரிப்ஷன இன்னைக்கு தேதியோட கேன்சல் பண்றேன், இனி இந்தக் கார்டுல காசு எடுக்க உங்களுக்கு அனுமதி இல்ல"ன்னு தேதி போட்டு ரெண்டு வரி, கூடவே கேன்சல் பட்டன் இல்லாத அந்த பில்லிங் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், அவ்ளோதான். "கேன்சல் பண்ண முடியுமா"ன்னு கேள்வியா கேக்காதீங்க. கேட்டதுக்கும் கேன்சல் பண்றேன்னு சொன்னதுக்கும் நாளைக்கு பேங்க்ல வித்தியாசம் இருக்கு. முக்கியமா இது அடுத்த பில் தேதிக்கு முன்னாடி போயிருக்கணும்.

அதுக்கப்புறமும் காசு எடுத்தா பேங்குக்கு போகலாம். அங்கயும் ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, கார்ட மாத்திட்டா போதும்னு நெனக்கறது. விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் புது கார்டு நம்பர வியாபாரிங்களுக்கு தானா அப்டேட் பண்ற சர்வீஸ் இருக்கு, உங்க பேங்க் அதுல சேந்திருந்தா பழைய ஆளு புது கார்டுலயும் காசு எடுப்பான். அதனால கார்ட மாத்த மட்டும் கேக்காம, இந்தக் கம்பெனியோட ரெக்கரிங் பேமென்ட்ட நிறுத்தணும்னு பேர சொல்லி கேளுங்க.

இன்னொண்ணு, கோவத்துல "இத நான் போடவே இல்ல, ஃபிராடு"ன்னு எழுதி குடுக்கறது. நீங்களே கார்டு நம்பர் அடிச்சு ட்ரையல் போட்டிருக்கீங்க, கம்பெனி உங்க லாகின் விவரத்த எடுத்து நீட்டினா கேஸ் அங்கயே படுத்துடும். நீங்க சொல்ல வேண்டியது கேன்சல் பண்ணின பிறகும் எடுத்த ரெக்கரிங் பேமென்ட்னு, பேங்க்ல இப்படி குடுக்கற புகாருக்கு டிஸ்ப்யூட்னு பேரு, அதுல இதுக்குன்னே தனி வகை இருக்கு. அந்த தேதி போட்ட மெயிலும் ஸ்கிரீன்ஷாட்டும் இப்பதான் வேலைக்கு ஆகும். மெயிலுக்கு முன்னாடி போன மாசத்து காசெல்லாம் இந்த வகைல திரும்பி வர்றது கஷ்டம், அத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. டிஸ்ப்யூட் போட கெடுவும் இருக்கு, விசால பொதுவா 120 நாள், சில பேங்க் இன்னும் கம்மியா வெச்சிருக்கும், அதனால பதில் வரும் வரும்னு மாசக்கணக்கா உக்காந்திருக்காதீங்க.

ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டு மாசாமாசம் கட்டற பிளானா இருந்தா மட்டும் கொஞ்சம் நிதானம், காச நிறுத்தினா ஒப்பந்தம் முடிஞ்சதா ஆகாது, பாக்கின்னு பில் அனுப்பலாம். சைன் அப் பண்ணும்போது வந்த மெயில்ல பிளான் பேர பாத்துட்டு அப்புறமா பேங்குக்கு போங்க.

என் ஃபிரெண்டோட நாலு மாச காசுல கடைசி மாசத்தோடது மட்டும் கூகுள் பிளேல ரீஃபண்ட் கேட்டு வந்துது. மிச்ச மூணும் போனது போனதுதான்.