விடைத்தாளை மீள்பரிசீலனை செய்யக் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி

முதலில் ஒரு விசயம். க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் என்றால் கடிதம் எழுதி மினக்கெட வேண்டாம். பரீட்சைத் திணைக்களம் அதற்கென விண்ணப்பம் கோரும், அறிவித்தலை www.doenets.lk தளத்தில் பார்த்து, சொன்னபடி விண்ணப்பித்தால் போதும். கடிதம் தேவைப்படுவது பல்கலைக்கழகம், தொழினுட்பக் கல்லூரி, டிப்ளோமா நடத்தும் நிறுவனம் போன்ற இடங்களில்தான். அங்கும் முதலில் அச்சிட்ட படிவம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதை நிரப்பி, கடிதத்தை இணைப்பாக வையுங்கள்.

மாங்குளத்தில் இருந்து வவுனியாவுக்குப் போய்ப் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நிதிக் கணக்கீட்டில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. ஐந்தையும் எழுதினார். வந்ததோ 31.

“நான் நன்றாக எழுதினேன், இவ்வளவு குறைய வராது” என்று எழுதினால் அலுவலகத்தில் யாருக்கும் அதை வைத்து எதையும் தேட முடியாது. மீள்பரிசீலனை பெரும்பாலும் புதிதாகத் திருத்துவது அல்ல. திருத்தாமல் விடுபட்ட விடை இருக்கிறதா, உள்ளே போட்ட புள்ளி முன்பக்கத்துக்கு ஒழுங்காக வந்ததா, கூட்டல் சரியா, பெறுபேற்றுப் பட்டியலில் அதே எண் ஏறியதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் காரணமும் இந்த இடங்களில் ஒன்றைத் தொட வேண்டும்.

மாணவி ஒற்றை எடுத்து நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தார். முதல் மூன்று வினாக்கள் விடைப் புத்தகத்துக்குள். நான்காவதும் ஐந்தாவதும் இரண்டு மேலதிகத் தாள்களில், நூலால் கட்டிக் கொடுத்தது. காரணம் கிடைத்துவிட்டது: தாள் கழன்று போயிருக்கலாம், அல்லது திருத்தியவர் பின்னால் புரட்டாமல் விட்டிருக்கலாம். இரண்டையும் விடைத்தாளை எடுத்தவுடனே பார்க்கலாம்.

கடிதம் இப்படி அமையலாம்:

பெயர், சுட்டெண், முகவரி, தொலைபேசி இலக்கம்
திகதி

உதவிப் பதிவாளர் (பரீட்சைகள்),
(நிறுவனத்தின் பெயர், முகவரி)

ஊடாக: துறைத் தலைவர்

ஐயா / அம்மணி,

நிதிக் கணக்கீடு – விடைத்தாள் மீள்பரிசீலனைக் கோரிக்கை

12.03.2025 அன்று நடைபெற்ற மேற்படி பரீட்சைக்கு நான் தோற்றினேன். பெறுபேற்றில் எனக்கு 31 புள்ளி வழங்கப்பட்டுள்ளது. நான் ஐந்து வினாக்களுக்கும் விடையளித்தேன். 4ஆம், 5ஆம் வினாக்களின் விடைகளை இரண்டு மேலதிகத் தாள்களில் எழுதி, சுட்டெண் இட்டு, விடைப் புத்தகத்துடன் கட்டி ஒப்படைத்தேன்.

எனவே அவ்விரு தாள்களும் விடைப் புத்தகத்துடன் உள்ளனவா, அவற்றிலுள்ள விடைகளுக்குப் புள்ளி இடப்பட்டுள்ளதா, அப்புள்ளிகள் மொத்தத்தில் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதைப் பரிசீலித்து, முடிவை அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டணப் பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கையொப்பம்

இதற்கு மேல் நீட்ட வேண்டாம். வீட்டுக் கஷ்டம், அடுத்த வருடம் வேலைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கூட்டலைச் சரிபார்ப்பவருக்கு அவை உதவா. திருத்தியவரைக் குறை சொல்லும் ஒரு வரியும் வேண்டாம். “திருத்தத் தவறிவிட்டார்கள்” என்பதை “புள்ளி இடப்பட்டுள்ளதா எனப் பரிசீலிக்குமாறு” என்று மாற்றினால் கேள்வி அதேதான், பழி மட்டும் போய்விடும். நிச்சயமில்லாததை நிச்சயமாக எழுதவும் வேண்டாம்: மேலதிகத் தாள் இரண்டா மூன்றா என்று நினைவில்லையென்றால் “மேலதிகத் தாள்களில்” என்று மட்டும் எழுதுங்கள். மூன்று என்று எழுதி இரண்டு இருந்தால், இல்லாத தாளைத் தேடத் தொடங்குவார்கள்.

இரண்டு பாடமென்றால் இரண்டு கடிதம். ஒரே கடிதம் என்றால் ஒரு பாடத்தின் கோப்புக்குள் போய் மற்றது கிடப்பில் கிடக்கும். சுட்டெண்ணை அனுமதி அட்டையைப் பார்த்தே எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவரின் விடைத்தாள்தான் மேசைக்கு வரும்.

அதிகம் பிழைப்பது முடிவுத் திகதியில். அறிவித்தலில் “கிடைக்க வேண்டும்” என்று இருந்தால், தபாலில் போட்ட நாள் கணக்கில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து உப தபாலகத்தில் கடைசி நாளுக்கு முதல் நாள் போட்டுவிட்டு நம்பியிருக்க முடியாது. “ஊடாக” என்று போட்ட கடிதத்துக்குத் துறைத் தலைவரின் கையொப்பமும் வேண்டும். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் இரண்டு மூன்று நாள் அதிலேயே போகும். ஆகையால் பெறுபேறு வந்த கிழமையிலேயே கையொப்பத்தை வாங்கிவிட்டு, இயலுமானால் பஸ் ஏறிப்போய் நேரே கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். தபாலென்றால் பதிவுத்தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கட்டணப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை அவர்கள் கேட்டாலொழிய கொடுக்க வேண்டாம்.

புள்ளி கூடும் என்று மட்டும் எண்ணி அனுப்பவும் வேண்டாம். கூட்டலில் பிழை உங்களுக்குச் சாதகமாக விழுந்திருந்தால், திருத்தும்போது குறையவும் கூடும். சொன்ன காலத்துக்குள் பதில் வராவிட்டால், முதற் கடிதத்தின் திகதியையும் பதிவுத்தபால் இலக்கத்தையும் குறிப்பிட்டு நாலு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். காரணங்களைத் திரும்ப எழுதாமல் பழைய கடிதத்தின் பிரதியை இணைத்தாலே போதும்.