தீ எச்சரிக்கை மணி அடித்ததும் ஒரு மாடியைக் காலி செய்வது எப்படி: ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், மாடிப் பணியாளர்களுக்கான செய்முறை

மணி அடித்தால் விருந்தினர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்பது ஹோட்டல் வேலைக்கு வந்த முதல் நாளே தெரிந்துவிடும். யார் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரிசப்ஷன் பட்டியல் யார் தங்கியிருக்கிறார் என்று காட்டும். அவர் இப்போது அறையில் தூங்குகிறாரா, வெளியே போயிருக்கிறாரா என்பது அதில் இருக்காது. கதவைத் திறந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். பட்டியலையும் பார்வையையும் சேர்த்து, ஒவ்வொரு அறை எண்ணுக்கும் ஒரு பதில் வாங்குவதுதான் கீழே வரும் படிகளின் நோக்கம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காலை 10:40. நான்காவது மாடி, 401 முதல் 418 வரை அறைகள், தாழ்வாரத்தின் இரு முனையிலும் படிக்கட்டு. 410-க்கும் 411-க்கும் நடுவில் லினன் ரூம். பட்டியல்படி 11 அறைகளில் ஆள் உண்டு, 7 அறைகள் செக்-அவுட் ஆனவை. ஹவுஸ்கீப்பிங் பணியாளர் ஒருவர் 403-இலும் இன்னொருவர் 416-இலும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். லினன் ரூம் ஸ்மோக் டிடெக்டர் மணி அடிக்கிறது.

படி 1: ரிசப்ஷன் பேனலைப் படிக்கிறது

பேனலில் எந்த மாடி, எந்த டிடெக்டர் என்று வரும். அதை வாக்கி-டாக்கியில் மாடி சூப்பர்வைசரிடம் அப்படியே சொல்லுங்கள்: "நான்காவது மாடி, லினன் ரூம்." பொய் மணியாக இருக்கும் என்று நினைத்து ரீசெட்டை அழுத்தக் கூடாது. அடுத்தடுத்து எந்த டிடெக்டர் அடிக்கிறது என்பதை வைத்துத்தான் புகை எந்தப் பக்கம் பரவுகிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியும். ரீசெட் செய்தால் அந்தத் தடம் பேனலில் இருந்து போய்விடும்.

சூப்பர்வைசர் போய்ப் பார்க்கிறார். லினன் ரூம் கதவுக்கு அடியில் புகை வருகிறது. கதவைத் திறக்காமல், பக்கத்துச் சுவரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி அலாரத்தை அடித்துவிட்டு, "தீ உறுதி" என்று சொல்கிறார். உடனே ரிசப்ஷன் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்கிறது. லிஃப்ட்களைத் தரைத்தளத்துக்கு இறக்கி, யாரும் ஏறாமல் நிறுத்துகிறது.

படி 2: ஹவுஸ்கீப்பிங் முதலில் தாழ்வாரத்தை ஒழிக்கிறது

காலை நேரத்தின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சுத்தம் செய்யும்போது கதவு மூடாமல் இருக்க அடியில் மரக்கட்டையைச் செருகி வைப்பது வழக்கம். டிராலி வெளியே நிற்கும், வாக்குவம் கிளீனர் வயர் குறுக்கே கிடக்கும். மணி கேட்டதும் டிராலியையும் வயரையும் நீங்கள் நிற்கும் அறைக்குள்ளேயே தள்ளுங்கள். கட்டையை உருவுங்கள், கதவு தானாக மூடட்டும். படிக்கட்டுக் கதவிலும் கட்டை இருந்தால் அதையும்தான்.

மூடிய கதவுதான் புகையை நிறுத்தி வைக்கிறது. 1980 நவம்பரில் லாஸ் வேகஸ் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீ பிடித்தது தரைத்தளத்தில். ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்தவர்கள், படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் ஏறிய புகையில் இறந்தவர்கள்.

படி 3: அறைகளைப் பார்ப்பது

தீக்கு அருகில் இருக்கும் அறையில் தொடங்கி படிக்கட்டை நோக்கிப் போக வேண்டும். அங்கே இருப்பவருக்குத்தான் நேரம் குறைவு. நீங்களும் போகப் போகத் தீயை விட்டு விலகிப் போவீர்கள். நம் உதாரணத்தில் 403-இல் இருந்தவர் 410-இல் தொடங்கி 401 வரை இறங்குகிறார், 416-இல் இருந்தவர் 411-இல் தொடங்கி 418 வரை. இருவரும் லினன் ரூம் வாசலைக் கடக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் புகை மார்பளவு இறங்கிவிட்டது என்றால் அந்தப் பக்கம் போகவே கூடாது. எந்த அறை வரை பார்த்தீர்கள் என்று ரிசப்ஷனுக்குச் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு கதவிலும் செய்ய வேண்டியது இது. புறங்கையால் கதவைக் கீழிருந்து மேலாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்கக் கூடாது. சூடில்லை என்றால் முஷ்டியால் பலமாகத் தட்டி, "தீ, உடனே வெளியே வாங்க" என்று குரல் கொடுத்து, மாஸ்டர் கீயால் திறங்கள். கட்டில், கட்டிலுக்கு அடி, அலமாரி, பாத்ரூம், பால்கனி எல்லாம் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் பயத்தில் ஒளிந்துகொள்வார்கள், பாத்ரூமில் தண்ணீர் ஓடினால் மணிச் சத்தம் கேட்காமலும் போகலாம். அரை நிமிடத்துக்குள் முடித்து, கதவை மூடி, முழங்கால் உயரத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். புகை மேலே தங்கும், குனிந்து வரும் தீயணைப்பு வீரர் கண்ணில் படுவது கீழே இருக்கும் குறிதான். செக்-அவுட் ஆன அறை என்று தாண்டிப் போகாதீர்கள், மறந்த சார்ஜரை எடுக்க யாராவது திரும்பி வந்திருக்கலாம்.

415-இல் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டை தொங்குகிறது, உள்தாழ் போட்டிருக்கிறது. சாதாரண மாஸ்டர் கீ பல ஹோட்டல்களில் உள்தாழைத் திறக்காது, அதற்கென்று எமர்ஜென்சி கீ தனியாக இருக்கும். சூப்பர்வைசர் அதைக் கொண்டு திறக்கிறார். இரவு வேலை முடித்து வந்தவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

410 கதவு சூடாக இருக்கிறது. குறி போடாமல், "410 திறக்கவில்லை, கதவு சூடு" என்று வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

படி 4: நடக்க முடியாதவர்

409-இல் சக்கர நாற்காலியில் இருப்பவர் தங்கியிருக்கிறார். செக்-இன் அன்றே ரிசப்ஷன் பட்டியலில் அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும், மணி அடித்த பிறகு தேட முடியாது. அவரைப் படிக்கட்டுக் கதவைத் தாண்டி, அகலமான தளத்தில் நிறுத்துங்கள். மற்றவர்கள் இறங்கி முடியும்வரை ஒருவர் அவருடனேயே நிற்க வேண்டும். எந்தப் படிக்கட்டு, எந்த மாடி என்று ரிசப்ஷனுக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் இறக்கும் நாற்காலி இருந்து, அதில் பயிற்சி பெற்றவரும் இருந்தால் இறக்கலாம். இல்லாவிட்டால் தீயணைப்பு வீரர்கள் இறக்குவார்கள். தூக்கிச் சுமந்து இறக்கப் பார்த்தால் இருவரும் விழ வாய்ப்பு அதிகம்.

படி 5: இரண்டு பட்டியலும் சேரும் இடம்

ரிசப்ஷன் பணியாளர் அச்சிட்ட அறைப் பட்டியலோடு அசெம்ப்ளி பாயின்ட்டுக்கு வருகிறார். கரண்ட் போனால் கம்ப்யூட்டரில் பார்க்க முடியாது, அதனால் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவசியம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சத்தத்தில் கேட்காது, அறை எண் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மாடியிலிருந்து வந்த செய்திப்படி 17 அறைகள் பார்த்தாகிவிட்டன. 409-காரர் படிக்கட்டுத் தளத்தில் பாதுகாப்பாக இருக்கிறார். பதில் இல்லாத அறை 410 மட்டும்தான், பட்டியலில் அங்கே ஒருவர் தங்கியிருக்கிறார், கூட்டத்தில் அவரைக் காணோம். தீயணைப்பு அதிகாரி வந்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான்காவது மாடி லினன் ரூமில் தீ. 410 திறக்கவில்லை, ஒருவர் உள்ளே இருக்கலாம். சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் 401 பக்கப் படிக்கட்டில், நான்காவது மாடித் தளத்தில் இருக்கிறார், கூட ஒரு பணியாளர்." இதோடு எமர்ஜென்சி கீயையும் கொடுத்துவிடுங்கள்.

அந்த நேரத்திலேயே இன்னொருவர் செக்-இன் படிவத்தில் இருக்கும் 410-காரரின் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். அவர் எடுத்து, வெளியே இருப்பதாகச் சொன்னால், கூட யாரும் அறையில் இல்லையே என்றும் கேட்டு உடனே அதிகாரியிடம் சொல்லுங்கள். ஆள் இல்லாத அறைக்காகத் தீயணைப்பு வீரர் உயிரைப் பணயம் வைக்காமல் இருக்க அந்த ஒரு தகவல் உதவும்.

படி 6: திரும்ப உள்ளே விடுவது

மணி நின்றதும் எல்லோரும் வாசலை நோக்கி நகர்வார்கள். மணி நின்றது என்றால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தமில்லை, வாசலில் ஒருவர் நின்று தடுக்க வேண்டும். தீயணைப்பு அதிகாரி அனுமதி கொடுத்த பிறகுதான் பேனலை ரீசெட் செய்ய வேண்டும், விருந்தினர்களையும் அப்போதுதான் உள்ளே விட வேண்டும். நான்காவது மாடிக்காரர்களுக்கு உடனே தங்கள் அறை கிடைக்காது. தீ அணைந்த பிறகும் புகை மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கியிருக்கும். காலியாக இருக்கும் வேறு மாடி அறைகளை ரிசப்ஷன் அதற்குள் ஒதுக்கி வைத்திருந்தால், லாபியில் கோபமாக நிற்கும் கூட்டம் பாதியாகக் குறையும்.